எட்டு நிமிடக் கையிருப்பு

அறுவை சிகிச்சைக்கு முதல் நாள் மாலை ஒரு மருத்துவர் கட்டிலருகே வந்து, "வாயை நல்லா திறங்க, நாக்கை வெளிய நீட்டுங்க" என்று சொல்வார். கல் இருப்பது பித்தப்பையில், இவர் ஏன் தொண்டையைப் பார்க்கிறார் என்று நோயாளிக்குக் குழப்பமாக இருக்கும். அவர்தான் மயக்கவியல் மருத்துவர். அவர் பார்த்ததற்கான காரணம், எம்.பி.பி.எஸ். மாணவர்கள் வைவாவில் கண்டிப்பாகச் சொல்ல வேண்டிய பதில்களில் ஒன்று.

அனஸ்தீசியா வைவாவைக் கண்டால் மாணவர்களுக்குக் கொஞ்சம் உதறல்தான். அந்தத் துறையில் அவர்கள் இருக்கும் நாட்கள் குறைவு. மேசையில் பரப்பி வைத்திருக்கும் சாமான்களோ ஏராளம். தொண்டையைப் பரிசோதிப்பது எப்படி, இந்த மருந்தின் அளவு என்ன, திரையில் ஓடும் இந்தக் கோடு எதைக் காட்டுகிறது என்று கேள்விகளும் தனித்தனியாக வந்து விழும். மனப்பாடம் செய்தவர்கள் மூன்றாவது கேள்விக்குள் திணறிவிடுவார்கள். ஆனால் இந்த மூன்றும் ஒரே கணக்கின் பகுதிகள். மயக்கவியல் மருத்துவர் நோயாளியின் சொந்த மூச்சைத் தெரிந்தே நிறுத்துகிறார். அந்த நொடியிலிருந்து அவர் மூச்சு கொடுக்கத் தொடங்கும்வரை எத்தனை நிமிடம் கையில் இருக்கிறது? கொடுக்கும் மூச்சு நுரையீரலுக்குத்தான் போகிறது என்று எப்படித் தெரியும்? இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாக வந்து சேரும்.

வைவாவில் வழக்கமாகக் கொடுப்பது மாதிரி ஒரு கேஸ் எடுத்துக்கொள்வோம். நாற்பத்திரண்டு வயதுப் பெண். உயரம் 155 சென்டிமீட்டர், எடை 80 கிலோ. பித்தப்பைக் கல்லுக்காக லேப்ராஸ்கோப்பி. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு எதுவும் இல்லை. தூங்கும்போது நன்றாகக் குறட்டை விடுவார் என்கிறார் கணவர்.

"தொண்டையைப் பாரும்மா" என்பார் தேர்வாளர். மாணவி செய்ய வேண்டியது இது. நோயாளியை நேராக உட்காரவைத்து, தன் கண்ணும் அவர் வாயும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி எதிரே அமர வேண்டும். வாயை முழுதாகத் திறந்து நாக்கை நீட்டச் சொல்ல வேண்டும். 'ஆ' என்று சொல்லச் சொல்லக் கூடாது. சொன்னால் மென்னண்ணம் மேலே தூக்கிக்கொண்டு, உள்ளதைவிட நல்ல காட்சியைக் காட்டிவிடும். காய்ச்சலுக்குத் தொண்டை பார்த்துப் பழகிய மாணவர்கள் வழுக்குவது இங்கேதான். உள்நாக்கு முழுசாகவும் இருபுறத் தூண்களும் தெரிந்தால் முதல் வகுப்பு. தூண்கள் மறைந்தால் இரண்டு. உள்நாக்கின் அடி மட்டும் தெரிந்தால் மூன்று. வன்னண்ணத்தைத் தவிர வேறொன்றும் தெரியாவிட்டால் நான்கு. இதுதான் மல்லம்பட்டி வகுப்பு. இந்தியாவில் பிறந்து அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பணியாற்றிய சேஷகிரி ராவ் மல்லம்பட்டி 1985இல் வெளியிட்ட கட்டுரையில் மூன்று வகுப்புகளே இருந்தன. நான்காவதை 1987இல் சாம்சூனும் யங்கும் சேர்த்தார்கள்.

இந்தச் சோதனை அளப்பது ஒன்றே ஒன்றைத்தான்: வாயின் அளவோடு ஒப்பிட்டால் நாக்கு எவ்வளவு பெரியது என்பதை. லாரிங்கோஸ்கோப்பின் அலகு நாக்கை ஒதுக்கித் தள்ளிவிட்டு குரல் நாண்களைக் காட்ட வேண்டும். ஒதுங்க இடம் இருக்கிறதா என்பதற்காக இன்னும் சில பார்வைகள் உண்டு. வாய்க்குள் நோயாளியின் மூன்று விரல்கள் நெட்டுக்குத்தாக நுழைகின்றனவா? கழுத்தைப் பின்னால் சாய்த்த நிலையில், தாடை நுனியிலிருந்து குரல்வளைக் குருத்தெலும்பின் மேல்விளிம்பு வரை ஆறரை சென்டிமீட்டராவது இருக்கிறதா? கழுத்து தாராளமாகப் பின்னால் சாய்கிறதா? ஆடும் பல், கட்டுப்பல், நீட்டிக்கொண்டிருக்கும் முன்பல் உண்டா? நம் நோயாளிக்கு மல்லம்பட்டி மூன்று. வாய் நன்றாகத் திறக்கிறது. தாடை தூரம் ஆறரை. கழுத்து குட்டை, ஆனால் சாய்கிறது.

"அப்படியானால் குழாய் போடக் கஷ்டமா, சுலபமா?" இதற்கு உறுதியாக ஒரு பக்கம் சாய்ந்து பதில் சொல்பவரைத் தேர்வாளர் இன்னும் நோண்டுவார். டென்மார்க்கில் ஒன்றே முக்கால் லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2015இல் வெளியிட்டார்கள். குழாய் போடச் சிரமப்பட்ட கேஸ்களில் நூற்றுக்கு 93 பேரிடம் அந்தச் சிரமம் முன்கூட்டி எதிர்பார்க்கப்படவே இல்லை. கஷ்டமாக இருக்கும் என்று எதிர்பார்த்தவர்களிலும் உண்மையில் கஷ்டமாக இருந்தது ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குத்தான். ஆகவே சரியான பதில் ஒரு ஜோசியம் அல்ல, ஒரு திட்டம். குழாய் போகாவிட்டால் முகமூடி வழியாகக் காற்று கொடுக்க முடியுமா? முடியாவிட்டால் தொண்டைக்குள் செருகும் லாரிஞ்ஜியல் மாஸ்க் எந்த அளவு? அதுவும் உதவாவிட்டால் கழுத்தின் முன்பக்கம் எங்கே வெட்டுவது? குறட்டையைப் பற்றிக் கேட்டதன் பலன் இங்கே தெரியும். குறட்டை விடுபவருக்கு, பருமனானவருக்கு, தாடி வைத்தவருக்கு, பல் இல்லாதவருக்கு முகமூடியால் மூச்சு கொடுப்பதே சிரமமாகலாம். நம் நோயாளியிடம் அவற்றில் இரண்டு இருக்கின்றன.

இப்போது அந்தக் கணக்குக்கு வருவோம். சராசரி உடம்புள்ள ஒருவர் இயல்பாக மூச்சை விட்ட பிறகு நுரையீரலில் சுமார் இரண்டரை லிட்டர் காற்று மிஞ்சியிருக்கும். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடு. ஆக, கையிருப்பு அதிகம் போனால் அரை லிட்டர். ஓய்வில் இருக்கும் உடம்பு நிமிடத்துக்கு 250 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் செலவழிக்கிறது. மூச்சு நின்றால் இரண்டு நிமிடம்கூடத் தாங்காது. நடைமுறையில் அதற்கும் முன்பே ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கிவிடும். மயக்குவதற்கு முன் மூன்று நிமிடம் சுத்த ஆக்சிஜனை முகமூடி வழியாகச் சுவாசிக்க வைத்தால், அந்த இரண்டரை லிட்டரில் இருக்கும் நைட்ரஜன் வெளியேறி இரண்டு லிட்டருக்கு மேல் ஆக்சிஜன் நிரம்பும். கரண்ட் போகும் என்று தெரிந்து மேல்தொட்டியை நிரப்பி வைக்கிற வேலைதான் இது. இப்போது கையிருப்பு சுமார் எட்டு நிமிடம்.

முகமூடி ஓரத்தில் கொஞ்சம் இடைவெளி இருந்தாலும் வெளிக்காற்று கலந்து இந்த ஏற்பாடு வீணாகும். நோயாளி பயந்து முகத்தைத் திருப்புவார் என்று முகமூடியைச் சற்றுத் தூக்கிப் பிடிப்பது அன்பான செயலாகத் தோன்றும். அந்த அன்புக்கு விலை சில நிமிடங்கள். நிரம்பிவிட்டதா என்று பார்க்க வழி உண்டு: நோயாளி வெளிவிடும் மூச்சில் ஆக்சிஜன் 90 விழுக்காட்டை நெருங்க வேண்டும். விரலில் மாட்டிய கருவி 100 காட்டுவதை நம்பக் கூடாது. அது முதல் அரை நிமிடத்திலேயே 100ஐத் தொட்டுவிடும். அது காட்டுவது ரத்தத்தை. தொட்டியோ நுரையீரலில் இருக்கிறது.

ஆனால் நம் நோயாளிக்கு எட்டு நிமிடம் கிடைக்காது. மல்லாந்து படுத்தவுடன் வயிற்றின் பாரம் உதரவிதானத்தை மேலே தள்ளி நுரையீரலின் மிச்சக் காற்றைக் குறைத்துவிடும். பெரிய உடம்பு செலவழிக்கும் ஆக்சிஜனும் கூடுதல். மிகப் பருமனானவர்களுக்கு இந்தக் கையிருப்பு சுமார் மூன்று நிமிடத்தில் தீரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இவர் அந்த அளவுக்குப் பருமன் இல்லை என்றாலும், மூன்றைத் திட்டமாக வைத்துக்கொள்வதுதான் விவேகம். மேசையின் தலைப்பக்கத்தை 25 பாகை உயர்த்துவது இலவசமாகக் கிடைக்கும் உதவி. கடும் பருமன் உள்ளவர்களிடம் நடத்திய ஓர் ஆய்வில் இதனால் மட்டும் முக்கால் நிமிடம் கூடுதலாகக் கிடைத்தது.

அடுத்து மருந்துகள். இந்தப் பகுதியில் மாணவர்கள் பட்டியலாக ஒப்பிப்பார்கள். எதற்காக எது என்று கேட்டால்தான் தெரியும். பால் மாதிரி இருப்பது புரோபோஃபால். சோயா எண்ணெயிலும் முட்டையின் லெசித்தினிலும் கலக்கியதால் அந்த வெண்மை. வேலை, நினைவை அணைப்பது. வழக்கமான அளவு கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்று சொல்லிவிட்டு 80ஆல் பெருக்கினால் 160 என்று வரும். தேர்வாளர் இங்கே புருவத்தை உயர்த்துவார். கொழுப்பு நீக்கிய எடைக்குத்தான் கணக்கு. இவருக்கு 100 முதல் 120 மில்லிகிராம் போதும், அதையும் மெல்ல. புரோபோஃபால் ரத்தக் குழாய்களைத் தளர்த்தி ரத்த அழுத்தத்தை இறக்கும். விபத்தில் ரத்தம் இழந்து வந்தவருக்கு இதே அளவு கொடுத்தால் நாடி காணாமல் போகலாம். அவருக்குக் கெட்டமின், அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும், மூச்சையும் பெரும்பாலும் நிறுத்தாது. வலியுணர்வை மட்டுப்படுத்த ஃபென்டனில் 100 மைக்ரோகிராம், அதாவது ஒரு சிறு ஆம்பியூல். தூக்கத்தைத் தொடர செவோஃப்ளூரேன் ஆவி. மஞ்சள் பொடியான தயோபென்டோனைப் பற்றியும் கேட்பார்கள். இன்று அதன் பயன்பாடு குறைந்துவிட்டது. போர்ஃபிரியா நோயாளிக்குக் கூடாது என்பதை மறக்காமல் இருந்தால் போதும்.

உண்மையான விவாதம் தசைத் தளர்த்தி மருந்தில். ஸ்கோலின் என்று எல்லோரும் அழைக்கும் சக்சினில்கோலின் ஒரு நிமிடத்துக்குள் உடம்பின் எல்லாத் தசைகளையும் தளர்த்தும். ஐந்து முதல் பத்து நிமிடத்தில் தானே விலகும். "குழாய் போட முடியாவிட்டால் என்ன செய்வாய்?" "சார், ஸ்கோலின் சீக்கிரம் விலகிடும், அவங்களே மூச்சு விட ஆரம்பிச்சிடுவாங்க." பல தலைமுறைகளாகச் சொல்லப்படும் பதில் இது. கணக்கைப் போட்டுப் பாருங்கள். கையிருப்பு மூன்று நிமிடம். ஸ்கோலின் பயன் தரும் அளவுக்கு விலக ஏழெட்டு நிமிடம் ஆகலாம். நடுவில் இருக்கும் நான்கைந்து நிமிடத்துக்கு மூளைக்கு ஆக்சிஜன் எங்கிருந்து வரும்? ஸ்கோலினை நம்பி உயிரைப் பிடிக்க முடியாது. காற்றை எப்படியாவது உள்ளே அனுப்பியே ஆக வேண்டும்.

இதில் தென்னிந்தியத் தேர்வாளர்கள் விரும்பிக் கேட்கும் ஒரு கிளைக்கேள்வி உண்டு. ஸ்கோலினைச் சிதைப்பது ரத்தத்தில் இருக்கும் கோலினெஸ்டரேஸ் என்ற நொதி. பிறவியிலேயே அது குறைவாக இருப்பவர்களுக்குப் பத்து நிமிட மருந்து மணிக்கணக்கில் நீளும். ஆரிய வைசியர் சமூகத்தில் இந்தக் குறைபாடு கூடுதலாகக் காணப்படுகிறது என்று ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. அதனால்தான் "உங்க வீட்டுல யாருக்காவது ஆபரேஷனுக்கு அப்புறம் முழிப்பு வர ரொம்ப நேரமாச்சா?" என்று முன்கூட்டியே கேட்பது. அப்படி நேர்ந்துவிட்டால் மாற்று மருந்தைத் தேடி ஓட வேண்டாம். நோயாளியைத் தூக்கத்திலேயே வைத்து, இயந்திரம் மூச்சு கொடுக்க, தானாக விலகும்வரை காத்திருப்பதே சிகிச்சை. தீக்காயம் பட்டுச் சில நாட்கள் ஆனவருக்கும், கை கால் செயலிழந்து கிடப்பவருக்கும் ஸ்கோலின் கூடாது. பொட்டாசியம் திடீரென ஏறி இதயம் நின்றுவிடக்கூடும்.

நம் நோயாளி காலையிலிருந்து பட்டினி. திட உணவுக்கு ஆறு மணி நேரம், தண்ணீருக்கு இரண்டு மணி நேரம் என்ற இடைவெளி முடிந்துவிட்டது. வயிறு காலியாக இருப்பதால் அவசரமில்லை. வெக்யூரோனியம் 5 மில்லிகிராம் கொடுத்து, மூன்று நிமிடம் முகமூடியால் மூச்சு கொடுத்துக்கொண்டே தசை தளரக் காத்திருக்கலாம். பிறகு லாரிங்கோஸ்கோப்பை எடுத்துக் குழாயைச் செலுத்துகிறோம்.

இனிதான் இந்த வைவாவின் மையக் கேள்வி. "குழாய் மூச்சுக்குழாயில்தான் இருக்கிறது என்று எப்படித் தெரியும்?"

மாணவர்கள் வரிசையாகச் சொல்வார்கள்: குரல் நாண்களுக்கு நடுவே போனதைப் பார்த்தேன், நெஞ்சு ஏறி இறங்குகிறது, ஸ்டெதாஸ்கோப்பில் சத்தம் கேட்கிறது, குழாய்க்குள் பனி படிகிறது. ஒவ்வொன்றும் பார்க்க வேண்டியதுதான், ஒவ்வொன்றும் ஏமாற்றவும் கூடியது. உணவுக்குழாய் மூச்சுக்குழாய்க்கு நேர்ப் பின்னால் ஒட்டியபடி ஓடுகிறது. வயிற்றுக்குள் போகும் காற்றும் நெஞ்சைத் தூக்கும். அதன் சத்தமும் நெஞ்சில் கேட்கும். பருமனான உடம்பில் வித்தியாசம் தெரிவது இன்னும் கடினம். பனியும் படியும்.

"விரலில் ஆக்சிஜன் 100 இருக்கே சார்!" இதுதான் மிக ஆபத்தான பதில். ஏன் என்று மேலே போட்ட கணக்கே சொல்லும். நாம் தொட்டியை நிரப்பி வைத்திருக்கிறோம். குழாய் உணவுக்குழாயில் இருந்து ஒரு சொட்டு ஆக்சிஜன்கூட நுரையீரலுக்குப் போகாவிட்டாலும், கையிருப்பு தீரும்வரை விரல் 100 என்றே காட்டும். போதாக்குறைக்கு, நுரையீரலில் குறைந்தது விரலுக்கு வந்து திரையில் எண்ணாக மாற அரை நிமிடமோ அதற்கு மேலோ ஆகும். நமக்கு நேரம் வாங்கிக் கொடுத்த அதே ஏற்பாடு நம் தவறையும் மறைத்து வைக்கிறது. எண் இறங்கத் தொடங்கும்போது குழாய் போட்டுச் சில நிமிடங்கள் ஓடியிருக்கும். அறையில் எல்லோரும் குழாய் சரியாக இருக்கிறது என்ற எண்ணத்தில் ஊறிப்போயிருப்பார்கள்; மூச்சிரைப்பா, ஒவ்வாமையா என்று வேறெங்கோ தேடுவார்கள்.

ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயாகி 1970களில் கண்டுபிடித்த தத்துவத்தில் இயங்கும் இந்த விரல் கருவி அருமையான கருவிதான். சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் விரலைக் கடக்கும்போது எவ்வளவு உறிஞ்சப்படுகின்றன என்று பார்த்து ரத்தத்தின் ஆக்சிஜனை மதிப்பிடுகிறது. நகப்பூச்சு, குளிர்ந்த விரல், தாழ்ந்த ரத்த அழுத்தம் அதைக் குழப்பும். புகையில் சிக்கி கார்பன் மோனாக்சைடு ஏறியவரிடம் பொய்யாக நல்ல எண்ணைக் காட்டும். எதுவானாலும் அது சொல்வது ரத்தத்தில் ஆக்சிஜன் இருப்பதைத்தான், மூச்சு நடப்பதை அல்ல.

மூச்சு நடக்கிறதா என்பதைச் சொல்வது கேப்னோகிராஃப். வெளிவரும் மூச்சில் உள்ள கார்பன் டை ஆக்சைடை அளந்து திரையில் கோடாக வரையும். உடம்பு அதை இடைவிடாமல் உண்டாக்குகிறது, ரத்தம் அதை நுரையீரலுக்குக் கொண்டுவருகிறது. வெளியேற வழி மூச்சுக்குழாய் ஒன்றுதான். குழாய் சரியான இடத்தில் இருந்தால் ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு மேடு எழும்பும்: செங்குத்தாக ஏறி, தட்டையாக ஓடி, செங்குத்தாக இறங்கும். தட்டின் கடைசியில் வாசிக்கும் எண் 35க்கும் 45க்கும் இடையில் இருக்க வேண்டும். குழாய் உணவுக்குழாயில் இருந்தால் கோடு படுத்துக் கிடக்கும். முகமூடியால் ஊதியபோது வயிற்றுக்குள் புகுந்த கொஞ்சம் வாயுவால் முதல் சில மூச்சில் சிறு மேடுகள் வரலாம். ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் குட்டையாகி மறையும். அதனால்தான் குறைந்தது ஏழு மூச்சுக்கு மேடு குறையாமல் நிலைத்திருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கச் சொல்கிறது 2022இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல்.

"கோடு படுத்துக் கிடக்கிறது. இதயம் நின்றதால் இருக்கலாமே?" தேர்வாளரின் பொறி இது. இதயம் நின்று நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்கும்போதுகூட, குழாய் சரியாக இருந்தால் சிறிதளவாவது மேடு தெரியும். அதனால் தட்டைக் கோடு என்றால், வேறு காரணம் நிரூபணமாகும்வரை, குழாய் தவறான இடத்தில் இருக்கிறது. உடனே உருவிவிட்டு முகமூடியால் மூச்சு கொடுக்க வேண்டும். இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸ் நகர மருத்துவமனையில் 2020இல் குடல்வால் அறுவைக்கு வந்த ஒரு பெண் இறந்தது குழாய் உணவுக்குழாயில் போனது கவனிக்கப்படாததால்தான். கருவி இல்லாத குறை அல்ல. திரை காட்டியதை வேறுவிதமாகப் புரிந்துகொண்டார்கள். பணக்கார நாடு, எல்லா வசதியும் உள்ள அறை. அந்த நாட்டின் மயக்கவியல் மருத்துவர்கள் அதற்கு முன்பே இதற்கென்று ஒரு பிரச்சாரமே நடத்தியிருந்தார்கள் என்பதுதான் வேதனை.

நம் நோயாளிக்கு ஏழு மூச்சும் ஒழுங்காக வந்தன, எண் 36. அறுவை மருத்துவர் வயிற்றை ஊதிப் பெருக்கப் பயன்படுத்துவதும் கார்பன் டை ஆக்சைடுதான் என்பதால், சற்று நேரத்தில் எண் 44க்கு ஏறும். அது எதிர்பார்த்ததே, மூச்சின் எண்ணிக்கையைக் கூட்டினால் இறங்கும். மூச்சைக் கூட்டியும் எண் ஏறிக்கொண்டே போய், இதயத் துடிப்பும் எகிறி, தாடை விறைத்தால் நினைக்க வேண்டியது வேறு: செவோஃப்ளூரேன் போன்ற ஆவிகளோ ஸ்கோலினோ தூண்டிவிடும் மாலிக்னன்ட் ஹைபர்தெர்மியா. பெயரில் வெப்பம் இருப்பதால் காய்ச்சல்தான் முதல் அறிகுறி என்று மாணவர்கள் நினைப்பார்கள். காய்ச்சல் பெரும்பாலும் பிந்தித்தான் வரும். முதலில் பேசுவது கார்பன் டை ஆக்சைடு. ஆவியை நிறுத்தி, டான்ட்ரோலின் கிலோவுக்கு 2.5 மில்லிகிராம் கொடுக்க வேண்டும்.

பை அகற்றியாயிற்று. நியோஸ்டிக்மினும் கிளைகோபைரோலேட்டும் கொடுத்து வெக்யூரோனியத்தை முறிக்கிறோம். மணிக்கட்டு நரம்பில் நான்கு மின்துடிப்புகள் கொடுத்து, நான்காவது அசைவு முதல் அசைவின் பத்தில் ஒன்பது பங்கு வலுவுடன் இருக்கிறதா என்று கருவியால் அளந்த பிறகே குழாயை எடுக்கலாம். "தலையைத் தூக்குங்க" என்று சொல்லி ஐந்து நொடி பார்க்கும் பழைய வழக்கம் பாதி தளர்ந்த தசையையும் தேற்றிவிடும் என்பதால், அதை மட்டும் நம்புவது இப்போது சரியல்ல.

மீட்பு அறையில் தேர்வாளரின் கடைசிக் கேள்வி காத்திருக்கும். "முகமூடியில் ஆக்சிஜன் ஓடுகிறது, விரலில் 98, பேச்சில்லாமல் தூங்குகிறார். வார்டுக்கு அனுப்பலாமா?" கூடாது. ஃபென்டனிலாலோ மிச்சத் தளர்ச்சியாலோ மூச்சு நிமிடத்துக்கு ஆறாகக் குறைந்திருந்தாலும், கூடுதல் ஆக்சிஜன் ஓடும்வரை விரல் 98ஐக் காட்டிக்கொண்டிருக்கும். உள்ளே கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டிருப்பது அதற்குத் தெரியாது. மாணவி செய்ய வேண்டியது, நோயாளியின் நெஞ்சைப் பார்த்தபடி கடிகாரத்தை வைத்து ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுவது. பிறகு பெயர் சொல்லி எழுப்பி, ஆழமாக இழுத்துவிடச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும்.